கம்பெனி பெயர் இல்லை, சம்பளம் இல்லை, ஆனால் வேலை இருக்கிறதாம்!

"வணக்கம் மேடம். பெரிய பன்னாட்டுக் கம்பெனி ஒன்றில் அருமையான வேலை காலி இருக்கிறது. உங்கள் அனுபவம் மிகவும் பொருத்தம். நல்ல சம்பளம். இன்று 5 நிமிடம் பேச முடியுமா? எப்போது கூப்பிடலாம்?"

செல்போனில் இப்படி ஒரு செய்தி வருகிறது. படித்தவுடன் மனம் குளிர்கிறது. "நம்மையும் ஒருவர் தேடி வருகிறாரே!" என்று தோன்றுகிறது. கை உடனே பதில் எழுதத் துடிக்கிறது: "சரி சார். 4 மணிக்குக் கூப்பிடுங்கள்."

சற்றுப் பொறுங்கள். அந்தச் செய்தியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கம்பெனியின் பெயர் என்ன? இல்லை. எந்த ஊரில் வேலை? இல்லை. என்ன வேலை? அதுவும் இல்லை. சம்பளம் எவ்வளவு? "நல்ல சம்பளம்" என்று இருக்கிறது. நல்ல சம்பளம் என்றால் எத்தனை ரூபாய்?

வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். தரகர் வருகிறார். "மாப்பிள்ளை தங்கமானவர். பெயர் சொல்ல மாட்டேன். ஊர் சொல்ல மாட்டேன். என்ன உத்தியோகம் என்று பிறகு சொல்கிறேன். பெண் பார்க்க எப்போது வரலாம்?" என்கிறார். எந்த வீட்டிலாவது காப்பி போட்டு வைப்பார்களா?

ஏன் மறைக்கிறார்கள்?

இப்படிச் செய்தி அனுப்புகிறவர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் அல்ல. பெரும்பாலும் இவர்கள் ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகளில் வேலை செய்கிறவர்கள். ஒரு கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டால், அது கன்சல்டன்சியிடம் சொல்லும். அவர்கள் தேடிக் கொடுத்த ஆள் வேலையில் சேர்ந்தால், கம்பெனி கூலி கொடுக்கும். சேர்ந்தவருடைய ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது பல இடங்களில் நடைமுறை. ஆண்டுக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கு ஓர் ஆளைச் சேர்த்து விட்டால், கன்சல்டன்சிக்குச் சுமார் 40 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். ஆள் சேராவிட்டால் ஒன்றும் கிடையாது.

கம்பெனிப் பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் நேராக அந்தக் கம்பெனிக்கே விண்ணப்பம் போட்டுவிடலாம். அல்லது அடுத்த தெருவில் உள்ள இன்னொரு கன்சல்டன்சிக்கு விஷயம் தெரிந்துவிடலாம். அந்தப் பயம்தான் அவர்கள் வாயைக் கட்டுகிறது. வேறு ஒரு காரணமும் உண்டு. இப்போது வேலையில் இருக்கும் ஒருவரை நீக்கிவிட்டு, அந்த இடத்துக்குப் புது ஆள் தேடுகிறார்கள் என்று வையுங்கள். அது வெளியே தெரியக் கூடாது என்று கம்பெனியே கேட்டுக் கொள்ளும்.

ஆகவே பெயரை மறைப்பதற்கு ஓரளவு நியாயம் இருக்கலாம். சம்பளத்தை மறைப்பதற்கு அத்தகைய நியாயம் எதுவும் இல்லை. ஆள் தேடும்போதே "இந்த வேலைக்கு இவ்வளவு முதல் இவ்வளவு வரை" என்று கம்பெனி ஒரு தொகையை ஒதுக்கிவிடுகிறது. கன்சல்டன்சிக்கும் அது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும்.

டெலிபோனில் நடப்பது என்ன?

மதுரையில் ஒரு பெண் கணக்கு எழுதுகிறார் என்று வைத்துக் கொள்வோம். 6 ஆண்டு அனுபவம். டாலி தெரியும். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வார். மாதம் 24 ஆயிரம் ரூபாய் கைக்கு வருகிறது. மேலே சொன்ன செய்தி அவருக்குத்தான் வந்தது.

அவர் "சரி" என்று சொல்லிவிட்டால் என்ன நடக்கும்? 4 மணிக்குச் செல்போன் மணி அடிக்கும். எதிரே மானேஜர் உட்கார்ந்திருப்பார். போனை எடுத்துக் கொண்டு மாடிப்படிக்கு ஓட வேண்டும். மறுமுனையில் இருந்து முதல் கேள்வி வரும்: "இப்போது என்ன சம்பளம் மேடம்?"

அவர் உள்ளதைச் சொல்வார்: "24 ஆயிரம்."

"அப்படியா! 30 சதவீதம் கூட்டித் தரச் சொல்கிறேன். சந்தோஷம்தானே?"

24 ஆயிரத்துக்கு 30 சதவீதம் கூட்டினால் 31 ஆயிரத்து 200 ரூபாய். அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த வேலைக்குக் கம்பெனி ஒதுக்கியிருந்தது மாதம் 35 ஆயிரம் முதல் 40 ஆயிரம் வரை! அது அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. தன் கையில் இருந்த சீட்டை முதலில் காட்டிவிட்டார்.

"சம்பளம் கூடினால் கன்சல்டன்சிக்கும் கூலி கூடுமே, அவர்கள் ஏன் குறைத்துப் பேச வேண்டும்?" என்று கேட்கலாம். கூடுவது உண்மைதான். சம்பளம் மாதம் 5 ஆயிரம் ஏறினால், அவர்களுக்கு ஒரே ஒரு தடவை 5 ஆயிரம் கூடுதலாக வரும். ஆள் சேராமல் போனால் முழுத் தொகையும் போய்விடும். எனவே இழுபறி இல்லாமல் பேரம் முடிவதையே அவர்கள் விரும்புவார்கள்.

அப்படியானால் இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லிவிடலாமா? வேண்டாம். வேலை உறுதி ஆவதற்கு முன்பு கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கும் கம்பெனிகள் நிறைய உண்டு. குட்டு வெளிப்பட்டுவிடும். பொய் சொல்லவும் வேண்டாம்; முந்திக் கொண்டு சொல்லவும் வேண்டாம். அதற்கு ஒரே வழி, டெலிபோனுக்கு முன்பு எழுத்தில் கேட்பது.

ஐரோப்பிய நாடுகளில் இதைச் சட்டமாகவே கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். 2023-ம் ஆண்டு ஐரோப்பிய யூனியன் ஓர் உத்தரவு போட்டது. வேலைக்கு மனுச் செய்தவரிடம், சம்பளம் எவ்வளவு அல்லது எவ்வளவு முதல் எவ்வளவு வரை என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவருடைய பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. இதை 2026 ஜூன் 7-ந் தேதிக்குள் உறுப்பு நாடுகள் சட்டம் ஆக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். நமது நாட்டில் நாமாகத்தான் கேட்க வேண்டி இருக்கிறது.

என்ன பதில் எழுதுவது?

கோபமாக எழுதக் கூடாது. "பெயர் கூடச் சொல்லாமல் என்ன வேலை?" என்று சீறினால், உண்மையான வேலையாக இருந்தால் கை நழுவிவிடும். ஒரு கன்சல்டன்சிக்காரர் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குச் செய்தி அனுப்புகிறவர். அவர் படித்ததும் பதில் போடும்படி சுருக்கமாக இருக்க வேண்டும். மதுரைப் பெண் இப்படி எழுதலாம்:

"வணக்கம். செய்திக்கு நன்றி. நல்ல வேலை என்றால் மாறுவது பற்றி யோசிக்கிறேன். எனக்குக் கணக்கு வேலையில் 6 ஆண்டு அனுபவம், டாலி, ஜி.எஸ்.டி. தெரியும். இப்போதைய வேலையில் இருந்து விலக 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பேசுவதற்கு முன்பு இந்த விவரங்களை அனுப்புங்கள்: கம்பெனியின் பெயர் என்ன? என்ன வேலை? எந்த ஊர், எந்த நேரம்? கம்பெனியின் நேரடி வேலையா, வேறு கம்பெனி மூலம் ஒப்பந்தமா? சம்பளம் எவ்வளவு முதல் எவ்வளவு வரை ஒதுக்கி இருக்கிறார்கள்? விவரம் பொருந்தினால் மாலை 7 மணிக்கு மேல் பேசலாம்."

இதில் ஒரு நயம் இருக்கிறது. அவர் கேட்க மட்டும் செய்யவில்லை. கன்சல்டன்சிக்குத் தேவையானதைக் கொடுத்தும் இருக்கிறார். அனுபவம், நோட்டீஸ் நாள் இரண்டும் அவர்கள் எப்படியும் கேட்கிறவை. உடனே சேரும் ஆள்தான் வேண்டும் என்றால், 30 நாள் என்றதும் அவர்களே விலகிக் கொள்வார்கள். இரு பக்கமும் நேரம் மிச்சம். சம்பளத்தைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை.

நேரடி வேலையா, ஒப்பந்தமா என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. நாள்தோறும் போய் உட்காருவது பெரிய கம்பெனியில். ஆனால் வேலை உத்தரவும் சம்பளமும் கொடுப்பது யாரோ ஒரு சிறிய கம்பெனி. இப்படி நிறைய நடக்கிறது. "பெரிய பன்னாட்டுக் கம்பெனி" என்று செய்தியில் வருவது பல சமயம் இந்த வகைதான். அது தவறான வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒப்பந்தம் 6 மாதத்தில் முடிந்துவிடலாம். நிரந்தர வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு அது முன்பே தெரிய வேண்டும்.

பதில் வந்தது!

அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு பதில் வருகிறது என்று வையுங்கள்: "மேடம், கம்பெனி பெயரை இப்போது சொல்ல அனுமதி இல்லை. மோட்டார் உதிரி பாகம் செய்யும் ஆலை. ஓசூர். பகல் வேலை. நேரடி வேலைதான். ஆண்டுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் முதல் 4 லட்சத்து 80 ஆயிரம் வரை."

பெயர் இல்லை. ஆனாலும் இது நல்ல பதில். கேட்டவற்றில் நான்குக்குப் பதில் வந்துவிட்டது. பெயரைச் சொல்லாததற்குக் காரணமும் வந்துவிட்டது. இவரிடம் 7 மணிக்குப் பேசலாம்.

பேசுவதற்கு முன்பு ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துக் கொள்ள வேண்டும். 4 லட்சத்து 80 ஆயிரத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 40 ஆயிரம். "இப்போது 24, இனி 40. அடேயப்பா!" என்று குதிக்கக் கூடாது. அவர்கள் சொன்னது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. இதைத்தான் "சி.டி.சி." என்பார்கள். கைக்கு வருவது வேறு.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 40 ஆயிரத்தில் அடிப்படைச் சம்பளம் 20 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். கம்பெனி தன் பங்காகப் பிராவிடண்ட் பண்டில் போடும் 12 சதவீதம், 2,400 ரூபாய், இந்த 40 ஆயிரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். பணிக்கொடைக்காக 4.81 சதவீதம், 962 ரூபாயும் அதற்குள்தான். வைத்திய இன்சூரன்சு 500 ரூபாய். "வேலைத் திறனைப் பார்த்து ஆண்டு முடிவில் தருவோம்" என்று நிறுத்தி வைக்கும் தொகை 10 சதவீதம் என்றால், 4 ஆயிரம். இவற்றைக் கழித்தால் மீதி 32 ஆயிரத்து 138. இதில் ஊழியரின் பங்காக இன்னொரு 2,400 ரூபாய் பிராவிடண்ட் பண்டுக்குப் பிடிப்பார்கள். கைக்கு வருவது 29 ஆயிரத்து 738 ரூபாய்.

பிராவிடண்ட் பண்டுப் பணம் எங்கும் போய்விடாது. அது அவருடைய பணம்தான். ஆனால் அடுத்த மாதம் ஓசூரில் வீட்டு வாடகையை அதைக் கொண்டு கொடுக்க முடியாது. மதுரையில் தாய் வீட்டில் இருந்து வேலைக்குப் போகிறவருக்கு, 5 ஆயிரத்து 738 ரூபாய்தான் மாதம் கூடுதல். அதில் வாடகை, சாப்பாடு, ஊருக்குப் போய் வரும் பஸ் செலவு. ஆகவே டெலிபோனில் அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இதில் நிச்சயச் சம்பளம் எவ்வளவு? ஆண்டு முடிவில் தருவது எவ்வளவு?"

ஓசூர் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் நஷ்டம் இல்லை. நன்றி சொல்லி ஒரு வரி எழுதிவிட்டால் போதும். மதுரையில் வேலை வந்தால் அதே ஆள் இவரை நினைத்துக் கொள்வார்.

பெயர் தெரியாமல் பயோடேட்டா போகக் கூடாது

கம்பெனிப் பெயரை முதல் செய்தியில் சொல்லாவிட்டால் பாதகம் இல்லை. டெலிபோனில் சொல்லட்டும். ஆனால் உங்கள் பயோடேட்டாவை அந்தக் கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன்பு சொல்லியே ஆக வேண்டும். இந்த எல்லையைத் தாண்ட விடக் கூடாது.

காரணம் இது. ஒரே வேலைக்கு 2, 3 கன்சல்டன்சிகள் ஆள் தேடுவது உண்டு. பெயர் தெரியாமல் ஒருவருக்குச் சம்மதம் சொல்கிறீர்கள். அடுத்த வாரம் இன்னொருவர் வருகிறார். அவருக்கும் சம்மதம் சொல்கிறீர்கள். இரண்டு பேரும் உங்கள் பயோடேட்டாவை ஒரே கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறார்கள். கூலி யாருக்கு என்று சண்டை வரும். "இந்த வம்பே வேண்டாம்" என்று கம்பெனி உங்களையே ஒதுக்கிவிடலாம். ஒரு கன்சல்டன்சி அனுப்பிய ஆள் சில மாதங்களுக்கு அவர்கள் கணக்கில்தான் என்று வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. அந்தக் காலத்தில் நேரில் போய் மனுக் கொடுத்தாலும் பலிக்காது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில சமயம் அந்தப் "பெரிய கம்பெனி", நீங்கள் இப்போது வேலை செய்யும் கம்பெனியாகவே இருந்துவிடும்! உங்கள் பயோடேட்டா உங்கள் மானேஜர் மேஜைக்கே போய்ச் சேரும். பிறகு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: "கம்பெனியின் பெயரைச் சொல்லி, என் சம்மதம் வாங்கிய பிறகே என் பயோடேட்டாவை அனுப்ப வேண்டும்." எழுத்தில் இருந்தால் பிற்பாடு தகராறு வராது.

நழுவுகிற பதில்

எல்லாப் பதிலும் ஓசூர்ப் பதில் போல இருக்காது. "சம்பளம் ஒரு பிரச்சினையே இல்லை மேடம். எல்லாம் போனில் பேசிக் கொள்ளலாம். முதலில் பயோடேட்டா அனுப்புங்கள்" என்று வரலாம். இவர் கையில் வேலையே இல்லாமல் இருக்கலாம். பயோடேட்டாக்களைச் சேர்த்து வைத்துக் கொண்டு, பிறகு கம்பெனிகளிடம் போய் "எங்களிடம் ஆள் இருக்கிறது" என்று சொல்வதற்காகக் கேட்கிறார். மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மாலை நேரத்தைச் செலவழிக்க இது போதாது. இன்னும் ஒரே ஒரு முறை கேட்கலாம்: "ஊரும் சம்பள அளவும் மட்டும் சொன்னால் போதும்." அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வகைப் பதில்தான் பொல்லாதது. கம்பெனிப் பெயர் பெரிதாகச் சொல்வார்கள். சம்பளமும் பெரிதாகச் சொல்வார்கள். பேட்டி கூட இல்லாமல் வேலை உத்தரவே வந்துவிடும்! பிறகு மெதுவாக ஒரு வரி: "பதிவுக் கட்டணம் 2 ஆயிரம் ரூபாய். சேர்ந்ததும் திருப்பித் தருவோம்." பயிற்சிக்கு முன்பணம் என்பார்கள். லேப்டாப்புக்கு டெபாசிட் என்பார்கள். பெயர் எதுவானாலும் பணம் உங்களிடம் இருந்து போகிறது. மேலே சொன்ன கூலிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். உண்மையான கன்சல்டன்சிக்குக் கூலி கொடுப்பது கம்பெனி. அப்படி இருக்க, இவர் ஏன் உங்களிடம் கேட்கிறார்?

பெயர் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக நம்பிவிடக் கூடாது. செய்தியில் வந்த டெலிபோன் நம்பரில் விசாரிப்பது வீண்; அவர்களே எடுத்து "ஆமாம்" என்பார்கள். கம்பெனியின் சொந்த இணையப் பக்கத்துக்கு நீங்களே போய், அங்கே உள்ள நம்பரில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கம்பெனியின் பெயர் பதிவாகி இருக்கிறதா என்பதை மத்திய அரசின் mca.gov.in பக்கத்தில் பார்க்கலாம். பதிவான கம்பெனி ஒவ்வொன்றுக்கும் 21 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் உண்டு. ஆனால் உண்மைக் கம்பெனியின் பெயரையே திருடிச் சொல்கிறவர்களும் இருப்பதால், பதிவைப் பார்த்ததோடு நிற்காமல் டெலிபோனில் கேட்பதே நல்லது. பணத்தைக் கொடுத்து ஏமாந்துவிட்டால், உடனே 1930 என்ற நம்பருக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

வெளிநாடு என்றால்...

வேலை வெளிநாட்டில் என்றால் இதே கேள்விகள் உயிரைக் காக்கும் கேள்விகள் ஆகிவிடுகின்றன. 2022-ல் நடந்ததே சாட்சி. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று செல்போனில் விளம்பரம் வந்தது. நம்பிப் போன இந்திய இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மர் நாட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அடைத்து வைத்து, டெலிபோனிலும் கம்ப்யூட்டரிலும் பிறரை ஏமாற்றும் வேலை செய்யச் சொன்னார்கள். இப்படிப்பட்ட வேலைகளை நம்ப வேண்டாம் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் இந்திய வெளிவிவகார இலாகா எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில், மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள்.

1983-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான்; அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று விதி வகுத்திருக்கிறார்கள். பதிவு பெற்றவர்களின் பட்டியல் emigrate.gov.in பக்கத்தில் இருக்கிறது. ஆகவே கம்பெனிப் பெயர், ஊர், சம்பளம் ஆகியவற்றோடு இன்னும் இரண்டையும் எழுதிக் கேட்க வேண்டும்: "உங்கள் பதிவு எண் என்ன? எந்த விசாவில் அனுப்புகிறீர்கள்?" இதற்கு, "டூரிஸ்ட் விசாவில் போய் இறங்குங்கள், அங்கே மாற்றிக் கொள்ளலாம்" என்று பதில் வந்தால், பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.